டெல்டா லோடை ஸ்டாரா மாத்தி ஒரு ஃபேஸ் மட்டும் போட்டா விடை எப்படி சரியா வருது?

கேள்வி: அண்ணாச்சி, டிப்ளமோ ரெண்டாம் வருஷம் படிக்கேன். பேலன்ஸ்டு டெல்டா லோடை ஸ்டாரா மாத்தி ஒரு ஃபேஸ் மட்டும் சால்வ் பண்ணுன்னு சொல்லுதாங்க. ஆனா எங்க தோட்டத்து மோட்டார் ஸ்டார்ல ஓடும்போது கரண்ட் மூணுல ஒரு பங்குதான இழுக்கும், அப்போ ஸ்டாரா மாத்தினா விடை தப்பா வராதா? டெல்டால நியூட்ரலே கெடையாதே, பெறகு ஒரு ஃபேஸ மட்டும் எப்படி தனியா பிரிக்கது?

பதில்:

தப்பா வராது தம்பி. நீ ரெண்டு வேற வேற விஷயத்த ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிட்ட, அவ்ளோதான். ஸ்டார்ட்டர் என்ன செய்யுதுன்னா மோட்டாருக்குள்ள கெடக்குற அதே மூணு காயில எடுத்து, காயில் ஒவ்வொண்ணோட இம்பீடன்ஸும் அப்படியே இருக்க, கனெக்ஷன மட்டும் டெல்டால இருந்து ஸ்டாருக்கு மாத்துது, அதனால லைன் கரண்ட் மூணுல ஒண்ணா விழுது. பேப்பர்ல நாம செய்யுறது அது இல்ல. கனெக்ஷன ஸ்டாரா மாத்துதோம், கூடவே இம்பீடன்ஸயும் மூணால வகுத்துடுதோம். ஸ்டாரானதால கரண்ட் மூணுல ஒண்ணாச்சு, இம்பீடன்ஸ் மூணுல ஒண்ணானதால அது திரும்ப மூணு மடங்காச்சு, ஆக பழைய கரண்ட்டே வந்து நிக்கும். வெளிய இருந்து பாக்குற லைனுக்கு உள்ள டெல்டா இருக்கா ஸ்டார் இருக்கான்னே தெரியாது, அதுக்குத்தான் ஈக்விவலன்ட்னு பேரு.

இந்த மூணு எங்கருந்து வந்துச்சுன்னு ஒருவாட்டி பாத்துக்கிட்டா பெறகு மறக்காது. லோடை ஒரு மூடின பெட்டியா நெனச்சுக்கிடு, வெளிய ஆர் ஒய் பின்னு மூணு வயர் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு. பி வயர சும்மா விட்டுட்டு ஆருக்கும் ஒய்க்கும் நடுவுல அளந்தா என்ன வரும்? உள்ள டெல்டான்னா நேரா ஒரு இசட், அதுக்கு பேரலல்ல சுத்தி வர்ற வழியில ரெண்டு இசட் சீரிஸ்ல. ஸ்டார்னா ஸ்டார் பாயிண்ட் வழியா ரெண்டு கை சீரிஸ்ல.

```
டெல்டா :  Z || 2Z = 2Z/3
ஸ்டார்  :  Zs + Zs = 2Zs
ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னா  Zs = Z/3
```

மத்த ரெண்டு ஜோடிக்கும் இதே கணக்குதான். அதனால மூணு கையும் இசட் பை மூணு. நிஜப் பகுதி, ஜே பகுதி ரெண்டையும் மூணால வகுக்கணும், ஆங்கிள் மாறவே மாறாது. சில பயலுக ஆங்கிளயும் மூணால வகுத்து வச்சுடுதானுக, அதப் பாத்தா பேப்பர் திருத்துறவருக்கு மனசே விட்டுப்போகும்.

அடுத்தது, மாத்தணுமா வேண்டாமான்னு மொதல்ல யோசி. சப்ளைல இருந்து லோடு வரைக்கும் வயர்ல இம்பீடன்ஸ் ஒண்ணுமே சொல்லலைன்னா மாத்த வேண்டிய தேவையே இல்ல. லோடுல ஒவ்வொரு கையிலயும் முழு லைன் வோல்டேஜ் விழுது, 415ஐ இசட்டால வகு, ஃபேஸ் கரண்ட் வந்துடும், ரூட் மூணால பெருக்கு, லைன் கரண்ட், முடிஞ்சு போச்சு. லைன் இம்பீடன்ஸ்னு ஒண்ணு குறுக்க வந்து உக்காரும்போதுதான் சிக்கலே. லோடு முனைல எவ்ளோ வோல்டேஜ் இருக்குன்னு தெரிய லைன்ல எவ்ளோ ட்ராப்னு தெரியணும், ட்ராப் தெரிய கரண்ட் தெரியணும், கரண்ட் தெரிய லோடு வோல்டேஜ் தெரியணும். டெல்டாவா வச்சிக்கிட்டே போனா மூணு லூப் எழுதி உக்காந்து தீக்கணும். ஸ்டாரா மாத்திட்டா லைன் இம்பீடன்ஸும் லோடு கையும் ஒரே சீரிஸ்ல வந்துடும், அதான் லாபம்.

இப்போ நியூட்ரல் கேள்வி. ஸ்டாரா மாத்தினதும் நடுவுல ஒரு பாயிண்ட் பொறந்துச்சுல்லா, அது மோட்டாருக்குள்ள எங்கயும் கெடையாது, தொட்டுப் பாக்க முடியாது, கணக்குக்காக வந்தது. ஆனா அதோட வோல்டேஜ் என்னன்னு கண்டுபிடிக்கலாம். அந்தப் பாயிண்ட்டுக்கு வர்ற மூணு கரண்ட்டையும் கூட்டினா சைஃபர் வரணும், வெளிய போக வேற வழி இல்லைல்லா. மூணு பாதையிலயும் லைனும் லோடும் சேந்த மொத்த இம்பீடன்ஸ் ஒண்ணுபோல இருக்குறதால,

```
(VR - Vn)/Z + (VY - Vn)/Z + (VB - Vn)/Z = 0
VR + VY + VB = 3Vn
```

சப்ளை பேலன்ஸ்டா இருந்தா இடது பக்கம் சைஃபர், அப்போ அந்தக் கற்பனைப் பாயிண்ட்டும் டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலும் ஒரே வோல்டேஜ்ல நிக்குது. ஒரே வோல்டேஜ்ல இருக்குற ரெண்டு பாயிண்ட்டுக்கு நடுவுல ஒரு வயர் வரைஞ்சா அதுல கரண்ட் ஓடாது, வரையலைன்னாலும் ஒண்ணும் குறையாது. அந்த வயர வரைஞ்சுட்டோம்னா ஆர் ஃபேஸ் தனி சர்க்யூட்டா பிரிஞ்சு வந்துடும், மத்த ரெண்டும் அதே விடையோட 120 டிகிரி, 240 டிகிரி பின்தங்கி நிக்கும். நம்ம ஊர் டிரான்ஸ்ஃபார்மர் 11000க்கு 433ன்னு பிளேட்ல போட்டிருக்கும் பாரு, அதோட எல்டி பக்கம் நிஜமாவே ஸ்டார்தான், நியூட்ரல் வெளிய வந்து எர்த் ஆகியிருக்கும். சப்ளையும் டெல்டான்னு கேள்வில இருந்தாலும் கவலையில்ல, அங்கயும் ஒரு கற்பனை நியூட்ரல் வச்சு லைன் வோல்டேஜ ரூட் மூணால வகுத்துக்கிடலாம். இன்னொண்ணு, இந்தக் கற்பனை நியூட்ரல் வயர்ல இம்பீடன்ஸ் எதுவும் போடக்கூடாது. மூணு லைனுக்கும் இம்பீடன்ஸ் போட்டாச்சே, இதுக்கும் போடுவோம்னு போட்டா எல்லாம் போச்சு.

சரி ஒரு கணக்கப் போடுவோம். களக்காடு பக்கம் ஒரு வாழத் தோட்டம், எல்டி லைன் போய் முடியுற கடைசிப் போஸ்ட்டுக்கிட்ட 10 எச்பி மோட்டார் ஒண்ணு டெல்டால ஓடிக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கிடு. ஓடுற நெலையில ஒவ்வொரு காயிலும் 33 + j25.5 ஓம் மாதிரி தெரியுது. டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து அங்க வரைக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் 1 + j0.5 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல லைன் வோல்டேஜ் 415, ரூட் மூணால வகுத்தா 239.6, நாம 240ன்னே எடுத்துக்கிடுவோம்.

```
ஸ்டார் கை    = (33 + j25.5)/3 = 11 + j8.5
லைனோட சேத்து = 12 + j9  = 15 ஓம், 36.87 டிகிரி
I = 240/15  = 16 A, 36.87 டிகிரி பின்தங்கி
```

இந்த 16 ஆம்பியர் கற்பனை இல்ல, நிஜக் கம்பில ஓடுற கரண்ட். போஸ்ட்டுல இருந்து ஸ்டார்ட்டருக்கு வர்ற வயர்ல டாங் டெஸ்டர மாட்டினா இதத்தான் காட்டும்.

அடுத்து லோடு முனைல வோல்டேஜ். 11 + j8.5 ஓட அளவு 13.9 ஓம், 16ஆல பெருக்கினா 222.4 வோல்ட். இது கற்பனை ஸ்டார் கையோட வோல்டேஜ், மோட்டார் காயில்ல விழுறது இது கெடையாது. காயில்ல விழுறது லைன் வோல்டேஜ், அதாவது ரூட் மூணு மடங்கு, ஏறக்குறைய 385 வோல்ட். பாதிப் பேர் இங்கனதான் நிறுத்திட்டுப் போயிடுதாங்க. கேள்வில லோடோட ஃபேஸ் வோல்டேஜ் கேட்டா 222ன்னு எழுதி வச்சுடுதாங்க. டெல்டாவுக்கு ஃபேஸ் வோல்டேஜ்னா 385தான். ஸ்டாருக்குப் போன பயணம் திரும்பி வரணும்ல.

காயில் கரண்ட்டும் அதே மாதிரி. 385.2ஐ 33 + j25.5 ஓட அளவான 41.7ஆல வகுத்தா 9.24 ஆம்பியர். 16ஐ ரூட் மூணால வகுத்தாலும் 9.24. ரெண்டு வழியில வந்து ஒத்துப்போச்சுன்னா தெம்பா அடுத்த வரிக்குப் போகலாம். ஆங்கிள் கேட்டா, ஆர் ஒய் பி வரிசைல காயில் கரண்ட் லைன் கரண்ட்ட விட 30 டிகிரி முன்னால நிக்கும், அதாவது மைனஸ் 36.87ல இருந்து மைனஸ் 6.87. உங்க தோட்டத்து ஸ்டார்ட்டர்ல இதக் கண்ணாலயே பாக்கலாம், மோட்டார்ல இருந்து ஆறு வயர் வருதுல்லா, டெல்டால ஓடும்போது அதுல ஒரு வயர மட்டும் டாங் டெஸ்டர்ல பிடிச்சா 9 சொச்சம் காட்டும், லைன் வயரப் பிடிச்சா 16 காட்டும். ஓவர்லோடு ரிலே காயில் பாதைல உக்காந்திருக்குற ஸ்டார்ட்டர்ல ரிலேவ லைன் கரண்ட்டுல 0.58 பங்குக்கு வைக்கச் சொல்லுறது இதுக்குத்தான். அங்க போய் 16ன்னு திருப்பி வச்சா மோட்டார் எரிஞ்சாலும் ரிலே விழாது.

பவர வச்சு சரிபாத்துக்கிடுவோம், இத மட்டும் எந்தக் கணக்குலயும் விட்டுடாத.

```
மோட்டார் வாங்குறது = 3 x 16^2 x 11     = 8448 W
லைன்ல போறது     = 3 x 16^2 x 1      = 768 W
சப்ளை குடுக்குறது  = 3 x 240 x 16 x 0.8 = 9216 W
```

8448ம் 768ம் கூட்டினா 9216, டேலி ஆயிட்டு. டெல்டா பக்கம் இருந்தும் 3 x 9.24 x 9.24 x 33 போட்டுப் பாரு, அதே 8450 கிட்ட வரும். ஸ்டாரா மாத்தினா பவர் குறைஞ்சிடுமோன்னு உனக்கு இருந்த சந்தேகத்துக்கு இதுதான் பதில்.

415ல கெளம்பினது 385க்கு வந்து நிக்குதுன்னா 7 சதவீதத்துக்கு மேல விழுந்திருக்கு. எல்டிக்கு 6 சதவீதம் கூடக்குறையன்னு பழைய 1956 விதிலயே உண்டு, அந்தக் கணக்குக்கு 390க்கு கீழ வரக்கூடாது. கடைக்கோடி தோட்டக்காரங்க வோல்டேஜ் இல்லைன்னு புலம்புறது சும்மா இல்லப்பா.

தப்பு எங்கெங்க வரும்னா, மூணு எடம். மூணால வகுக்க மறந்துட்டு 33 + j25.5 ஓடயே லைன கூட்டி 240ஆல போட்டா 5.6 ஆம்பியர் வரும். 10 எச்பி மோட்டார் 5.6 ஆம்பியர் இழுக்குதுன்னா உனக்கே சிரிப்பு வரணும், அதனால இது ஈசியா மாட்டிக்கிடும். ரெண்டாவது, சரியா வகுத்துட்டு 240க்குப் பதிலா 415ஐப் போடுறது, 27.7 வரும், ரூட் மூணு மடங்கு கூடுதல், இதுவும் மாட்டிக்கிடும். மூணாவதுதான் கள்ளன். லைன் இம்பீடன்ஸ மொதல்லயே டெல்டா கையோட கூட்டி 34 + j26 ஆக்கிட்டு, பெறகு மூணால வகுக்கறது. அப்படிப் போட்டா 16.8 ஆம்பியர் வரும். 16க்கும் 16.8க்கும் பெருசா வித்தியாசம் இல்ல, பாத்தா நியாயமாத்தான் தெரியும். ஆனா நடந்தது என்ன, லைன் இம்பீடன்ஸும் மூணால வகுபட்டுப் போச்சு, அது டெல்டாவுக்குள்ளயே இல்லாத பொருள், வெளிய நிக்குறது. மாத்துறது பெட்டிக்குள்ள இருக்குறத மட்டும்தான்.

இத எப்படிப் பிடிக்கிறதுன்னா அதே பவர் கணக்கு. 16.8ஐ வச்சு மோட்டாரும் லைனும் சேந்து தின்னுறதப் போட்டா 10,200 வாட் கிட்ட வரும், சப்ளை குடுக்குறதப் போட்டா 9,600 கிட்டதான் வரும். குடுத்தத விட வாங்கினது கூடன்னு வந்தா எங்கயோ கள்ளக்கணக்கு இருக்குன்னு அர்த்தம்.

கெப்பாசிட்டர் பேங்க் சேந்தா இந்த வழியோட அருமை இன்னும் நல்லாத் தெரியும். அதே மோட்டார் பக்கத்துல டெல்டால மூணு கெப்பாசிட்டர், ஒவ்வொண்ணும் மைனஸ் j75 ஓம், 50 சைக்கிள்ல 42 மைக்ரோஃபாரட் கிட்ட. இதயும் மூணால வகுத்தா மைனஸ் j25. மோட்டார் கையோட இது பேரலல். ரெண்டோட ஸ்டார் பாயிண்ட்டும் வேற வேறதானே, எப்படி பேரலல்னு கேப்ப. ரெண்டு பாயிண்ட்டும் நியூட்ரல் வோல்டேஜ்லயே நிக்குதுன்னு மேல பாத்தோம்லா, அதனால ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டாலும் ஒண்ணும் மாறாது. மொதல்ல பேரலல் பண்ணிட்டு அப்புறம்தான் லைன கூட்டணும், வரிசை மாறக்கூடாது.

```
(11 + j8.5) || (-j25) = 17.48 + j1.22
லைனோட சேத்து         = 18.48 + j1.72, அளவு 18.56
I = 240/18.56         = 12.9 A
```

லைன் கரண்ட் 16ல இருந்து 13க்கு எறங்கிட்டு, லைன் நஷ்டம் 768ல இருந்து 500 வாட் கிட்ட வந்துட்டு, மோட்டார் முனைல வோல்டேஜ் 385ல இருந்து 392க்கு ஏறிட்டு, 390ஐத் தாண்டியாச்சு. இதயே ஸ்டாரா மாத்தாம லூப் எழுதித் தீத்துப் பாரு, விடிஞ்சிரும். இங்க ஒரு சின்ன விஷயம், நிஜ மோட்டார் வோல்டேஜ் மாறினா இம்பீடன்ஸயும் கொஞ்சம் மாத்திக்கிடும், தண்ணி எறைக்குற வேலை அப்படியேதான இருக்கு, அதனால இந்த விடை கிட்டத்தட்டத்தான். ஹீட்டர் மாதிரி லோடுன்னா துல்லியமாவே வரும். ஸ்டார்ட் ஆகுற நேரத்துக்கும் இந்த 33 + j25.5 ஒத்துவராது, அப்போ இம்பீடன்ஸ் ரொம்பக் கீழ கெடக்கும்.

பேலன்ஸ்டான்னு பாக்கும்போது அளவ மட்டும் பாத்து ஏமாந்துடாத. ஒரு கை 10 ஓம் ரெசிஸ்டன்ஸ், இன்னொண்ணு j10, இன்னொண்ணு மைனஸ் j10ன்னு குடுப்பாங்க, மூணுக்கும் அளவு 10தான், ஆனா ஆங்கிள் வேற, இது அன்பேலன்ஸ்டு. இதுக்கு இசட் பை மூணும் செல்லாது, ஒரு ஃபேஸ் முறையும் செல்லாது.

லோடு பேலன்ஸ்டா இருந்தும் ஒரு ஃபேஸ் முறை கவுந்துபோற எடம் ஒண்ணு இருக்கு, நம்ம கிராமத்துல அடிக்கடி நடக்குறதுதான், பி ஃபேஸ்ல ஃபியூஸ் போயிடுது. அப்போ சப்ளை பேலன்ஸ்டு இல்ல, கற்பனை ஸ்டார் பாயிண்ட் நியூட்ரல் வோல்டேஜ விட்டு நகந்துடும், அதனால ஒரு ஃபேஸ தனியா பிரிக்க முடியாது. ஆனா இசட் பை மூணு இன்னும் செல்லும், ஏன்னா அது பெட்டிக்குள்ள இருக்குறதப் பத்தினது, சப்ளையப் பத்தினது இல்ல. ஆர்ல இருந்து ஒய்க்கு ஒரே லூப், 15 ஓம் ரெண்டு தடவ, 30 ஓம், 415ஐ வகுத்தா 13.9 ஆம்பியர் கிட்ட. மோட்டாருக்குப் பதிலா அதே இம்பீடன்ஸ்ல சுழலாத ஒரு லோடு இருந்தா ஆர் ஒய் நடுவுல இருக்குற கையில பழைய 9.24 அப்படியே ஓடும், சுத்தி வர்ற ரெண்டு கையில பாதி, 4.62 ஓடும், ரெண்டும் சேந்தா அந்த 13.9. ஓடிக்கிட்டு இருக்குற மோட்டாருக்கு இந்த நம்பரப் போட்டுடாத, ரெண்டு ஃபேஸ்ல தத்தளிக்கும்போது அதுக்கு இம்பீடன்ஸே வேற, மிச்ச ரெண்டு கம்பிலயும் கரண்ட் 16ஐத் தாண்டி ஏறும், ரிலே மேல சொன்ன அளவுல சரியா வச்சிருந்தா அங்க விழணும்.

பரிட்சைல ஒண்ணக் கவனி, கேள்வில ஆர் ஒய் லைன் வோல்டேஜ சைஃபர் டிகிரின்னு குடுத்திருந்தா ஆர் ஃபேஸ் வோல்டேஜ் 240, மைனஸ் 30 டிகிரி. நான் மேல ஆர் ஃபேஸ சைஃபர்னு வச்சுப் போட்டேன். அவங்க குடுத்தபடி போட்டா லைன் கரண்ட் மைனஸ் 66.87ல நிக்கும், காயில் கரண்ட் மைனஸ் 36.87ல நிக்கும், அளவு எதுவும் மாறாது.